புதிய துறைத் தலைவரின் முதல் மின்னஞ்சல்: முன்னுரிமைகளை உடனே சொல்வதா, கேட்டறிந்து சொல்வதா?

புதிதாகப் பொறுப்பேற்கும் துறைத் தலைவர் தன் குழுவுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் முடிவுசெய்ய வேண்டிய பெரிய விஷயம் ஒன்றுதான். தன் முன்னுரிமைகளை அதிலேயே எழுதிவிடுவதா, இல்லை வணக்கம் சொல்லி நிறுத்திக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் பேசிய பிறகு எழுதுவதா? இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பொதுவாகப் பேசினால் மூன்றுமே சரியாகத்தான் தோன்றும். ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தில், குறிப்பிட்ட மாதத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது உதவும், எது கெடுக்கும் என்று தெரியும். அதனால் எனக்குப் பழக்கமான டெல்டா நெல் விதைத் தொழிலிலிருந்து ஒரு சூழலை எடுத்துக்கொள்கிறேன். நிறுவனமும் ஆட்களும் உதாரணத்துக்காக அமைத்தவை. பருவமும் விதைச் சோதனையின் கணக்கும் உண்மையானவை.

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் நெல் விதை நிறுவனம். அதன் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு ஜூன் 15, திங்கள்கிழமை, ஒரு பெண் தலைவராக வருகிறார். கோயம்புத்தூர்க்காரர். மக்காச்சோள விதையில் நீண்ட அனுபவம், நெல் விதையில் கொஞ்சம். குழுவில் 14 பேர். ஆய்வகத்தில் நான்கு பேர், வயல் ஆய்வுக்குப் போகிறவர்கள் ஆறு பேர், குடோனிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் மூன்று பேர், பதிவேடு பார்க்க ஒருவர். ஆய்வகத்தில் இருக்கும் மூத்தவர், இந்தப் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தவர். போன தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதில் ஜூன் மாதம் என்பது முக்கியம். குறுவைக்கான விதை பெரும்பாலும் விற்று முடியும் நேரம் அது. ஆனால் தை, மாசியில் அறுத்த சம்பா விதை இன்னும் குடோனில் இருக்கிறது. சி.ஆர். 1009, ஆடுதுறை 51 போன்ற நீண்டகால ரகங்களுக்கு ஆகஸ்டில் நாற்றங்கால் விட வேண்டும் என்றால், ஜூலை கடைசிக்குள் விதை கடைகளுக்குப் போயிருக்க வேண்டும். கோடை முழுக்கக் குடோனில் கிடந்த விதை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்ப முடியாது. சான்று விதை என்றால் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முளைப்புச் சோதனையை அவசரப்படுத்தவும் வழியில்லை. நெல்லுக்கு ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினான்காம் நாள் கடைசி எண்ணிக்கை.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். ஜூலை 31-க்குள் கடைகளில் விதை. பை பிடித்து, அட்டை வைத்துத் தைத்து, லாரியில் ஏற்றி அனுப்ப ஒரு வாரம், ஆகவே ஜூலை 24. லாட் எனப்படும் விதைத் தொகுதி ஒன்று தேறாமல் போனால் அதற்குப் பதில் இன்னொன்றைத் தயார்செய்து சோதிக்க இன்னொரு 14 நாள், ஆகவே ஜூலை 10. முதல் சோதனைக்கு 14 நாள், ஆகவே ஜூன் 26. புதிய தலைவர் நாற்காலியில் உட்காரும் நாளிலிருந்து பதினோராவது நாள் அது. அவருடைய மின்னஞ்சலில் எந்த முன்னுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் தேதி அவருக்காகக் காத்திருக்காது.

முதல் வழி: வணக்கம் மட்டும்

பலரும் எழுதுவது இதைத்தான். பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள்.

> பொருள்: அறிமுகம்
>
> அனைவருக்கும் வணக்கம். ஜூன் 15 முதல் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பை ஏற்கிறேன். உங்கள் அனைவரோடும் இணைந்து பணியாற்ற ஆவலாக இருக்கிறேன். விரைவில் நேரில் சந்திப்போம்.

இதில் தவறாக ஒரு வார்த்தைகூட இல்லை. யாரையும் புண்படுத்தாது. ஆனால் இதைப் படித்துவிட்டு குடோன் சூப்பர்வைசர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். அவர் கையில் சம்பா லாட்டுகளின் பட்டியல் இருக்கிறது. சாம்பிள் எடுக்க ஆள் வைக்க வேண்டும், அடுக்கைக் கலைத்து நடுவில் இருக்கும் மூட்டையிலும் குத்தி எடுக்க வேண்டும், அரை நாள் வேலை நிற்கும். புது மேடம் வந்து வேறு முறை சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். “வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஆரம்பிச்சுக்கலாம்” என்று அவர் நினைப்பது சோம்பேறித்தனம் அல்ல, நியாயமான முன்யோசனை. ஆய்வகமும் அப்படியே காத்திருக்கும். தலைவரோ, வழக்கமான வேலை வழக்கம்போல நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு முதல் வாரத்தை அறிமுகக் கூட்டங்களில் செலவிடுவார். இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடு இருக்கும்போதே ஒரு வாரம் போய்விடும். பதினோரு நாளில் ஒரு வாரம்.

வணக்கம் மட்டும் சொல்லும் கடிதத்தின் குறை இதுதான். எழுதியவருக்கு அது நடுநிலையாகத் தெரியும். படிப்பவருக்கோ, சொல்லாமல் விட்ட இடத்தில் “காத்திரு” என்று எழுதியிருப்பதுபோல் தெரியும்.

இரண்டாவது வழி: எல்லாவற்றையும் முதல் நாளே

நேர்முகத் தேர்விலேயே நிர்வாகம் பல குறைகளைச் சொல்லியிருக்கும். புதியவருக்கும் நிறைய யோசனைகள் இருக்கும். அதையெல்லாம் திரட்டி அவர் இப்படி எழுதக்கூடும்.

> பொருள்: தரக்கட்டுப்பாட்டுத் துறை – புதிய இலக்குகளும் முன்னுரிமைகளும்
>
> வரும் பருவத்துக்கு என் முன்னுரிமைகள்: பதிவேடுகளில் உள்ள குறைகளைக் களைந்து அனைத்தையும் கணினிக்கு மாற்றுவது, விதைப்பண்ணைகளில் பயிர் விலகு தூரத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவது, வயல் ஆய்வுக் குழுவை மறுசீரமைப்பது, நிராகரிக்கப்படும் லாட்டுகளின் அளவைக் குறைப்பது, ஆய்வகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது…

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல நோக்கம்தான். ஆனால் 14 பேர் உள்ள குழுவில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் இருக்கிறது. பதிவேட்டில் குறை என்றால் அந்தப் பதிவேட்டை எழுதுகிறவர் ஒருவர்தான். ஆய்வகத்துக்குப் பயிற்சி என்றால், பதவி கிடைக்காத மூத்தவரின் காதில் அது எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. “மறுசீரமைப்பு” என்ற சொல்லைப் பார்த்த அன்று மாலையே வயல் ஆய்வுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, நீடாமங்கலத்தில் இருக்கிறவரைத் திருத்துறைப்பூண்டிக்கு மாற்றப்போகிறார்கள் என்கிற அளவுக்குப் பேசி முடித்திருப்பார்கள். தலைவர் மனதில் இடமாற்றமே இருந்திருக்காது.

மனவருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, முன்னுரிமையே தவறாக இருப்பது. பயிர் விலகு தூரம் பற்றிய வரியைப் பாருங்கள். மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். மகரந்தம் காற்றில் பறக்கும் என்பதால் விதைப்பண்ணைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி வேண்டும். அந்தப் பயிரில் வேலை பார்த்தவருக்கு விலகு தூரம்தான் முதல் கவலை, அது இயல்பு. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், 3 மீட்டர் போதும். வரப்பையும் அதையொட்டிய சில வரிசைகளையும் விட்டாலே அது கிடைத்துவிடும். டெல்டாவில் நெல் விதையின் இனத்தூய்மை கெடுவது பெரும்பாலும் வேறு வழிகளில். முந்தைய பயிரில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து வரும். அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் வேறு ரகம் அறுத்துவிட்டுச் சுத்தம் செய்யாமல் இறங்கும். ஒரே களத்தில் இரண்டு ரகம் காயும். வயல் ஆய்வுக்காரர்கள் பூக்கும் நேரத்தில் கலவன், அதாவது வேறு ரகச் செடிகளை, நீக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது இதனால்தான்.

அவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது, எழுதியவர் நெல் வயலைச் சோளக்காட்டுக் கண்ணால் பார்க்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். யாரும் பதில் எழுதித் திருத்த மாட்டார்கள். புதிய தலைவரின் முதல் கடிதத்தில் தப்பு கண்டுபிடித்து, எல்லோருக்கும் போகிற மின்னஞ்சலில் பதில் போடுகிற ஆள் நம் அலுவலகங்களில் கிடையாது. “வாழ்த்துகள் மேடம்” என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்கள். இரண்டு வாரம் வயலில் கூடப் போய் வந்தால் அந்த வரியை அவரே எழுதியிருக்க மாட்டார். ஆனால் எழுதி அனுப்பிய முன்னுரிமையைத் திரும்பப் பெறுவது, எழுதாமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம். சிலர் அதை விட்டுக்கொடுக்க முடியாமல் ஒரு பருவம் முழுக்க அதன் பின்னாலேயே அலைவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து முன்னுரிமைகளில் ஜூன் 26 எங்கேயும் இல்லை. அவசரமான ஒரே விஷயம், அவசரமில்லாத ஐந்தின் நிழலில் காணாமல் போய்விட்டது.

மூன்றாவது வழி: பருவம் வைத்த முன்னுரிமை இன்று, தன் முன்னுரிமை ஒரு தேதியில்

முன்னுரிமைகள் இரண்டு வகை. யார் தலைவராக வந்தாலும் மாறாதவை ஒரு வகை. அவற்றைப் பருவமோ சட்டமோ ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டன. வருகிறவரின் அனுபவத்திலிருந்தும் கருத்திலிருந்தும் வருபவை இரண்டாவது வகை. முதல் வகையைத் தள்ளிப்போட்டால் வேலை கெடும். இரண்டாவது வகையை அவசரப்பட்டுச் சொன்னால் மேலே பார்த்தது நடக்கும். ஆகவே முதல் வகையை முதல் கடிதத்தில் எழுதி, இரண்டாவதற்கு ஒரு தேதி மட்டும் தருவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கடிதம் இப்படி அமையலாம்.

> பொருள்: ஜூன் 15 முதல் பொறுப்பேற்கிறேன் – சம்பா சாம்பிள் வேலை நிற்காமல் தொடரட்டும்
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> மேலாளர் வெள்ளிக்கிழமை தெரிவித்தபடி, இன்று முதல் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பை ஏற்கிறேன். மக்காச்சோள விதையில் பதினோரு வருடமும் நெல் விதையில் மூன்று வருடமும் வேலை பார்த்திருக்கிறேன். டெல்டாவின் சம்பா பருவத்தை உள்ளிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதில் உங்களிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.
>
> இப்போதைக்கு ஒரே ஒரு முன்னுரிமை. எல்லாச் சம்பா லாட்டுகளிலும் சாம்பிள் எடுத்து, ஜூன் 26-க்குள் முளைப்புச் சோதனைக்கு வைத்துவிட வேண்டும். சாம்பிள் எடுக்கும் முறை, பதிவேடு, யார் யாரிடம் அறிக்கை தருவது எல்லாம் இப்போது இருப்பதுபோலவே தொடரும். இதற்கு என் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் நாள் எண்ணிக்கையிலேயே ஒரு லாட் தேறாது என்று தோன்றினால் மட்டும் அன்றே எனக்குப் போன் செய்யுங்கள்.
>
> மற்ற விஷயங்களில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. ஜூன் 16 முதல் 30 வரை ஒவ்வொருவரையும் நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்து பார்க்கிறேன். எந்த வேலையில் உங்கள் நேரம் வீணாகிறது, எதை மாற்றவே கூடாது, போன சம்பாவில் எது சரியாக நடக்கவில்லை என்று கேட்பேன்.
>
> இந்தப் பருவத்துக்கான முன்னுரிமைகளை ஜூலை 3, வெள்ளிக்கிழமை எழுதி அனுப்புகிறேன். அதற்கு முன் யாருடைய பணியிலும் இடத்திலும் மாற்றம் இருக்காது.

இந்தக் கடிதத்தில் பொருள் வரியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கடிதத்தைத் திறக்காதவருக்கும் வேலை தொடர வேண்டும் என்பது போய்ச் சேரும். அடுத்து, “ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்ற வரி. முதல் வழியில் குடோனில் நின்றுபோன வேலையை இந்த ஒரு வரி நகர்த்தும். அதோடு சேர்த்து, எப்போது கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். “எதுவானாலும் என்னிடம் கேளுங்கள்” என்றால் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள், அல்லது எதற்குமே கேட்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் எண்ணிக்கையில் சந்தேகம் என்பது ஆய்வகத்துக்குச் சட்டென்று புரியும் எல்லை. அந்தக் கட்டத்தில் தெரிந்தால் மாற்று லாட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

போன தலைவரைப் பற்றிப் பாராட்டுரை எதுவும் இதில் இல்லை. அவர் வைத்துவிட்டுப் போன முறை தொடரும் என்று மட்டும் இருக்கிறது. புகழ்ந்து இரண்டு வரி எழுதிவிட்டு மூன்றாவது வரியில் மாற்றங்களைப் பட்டியலிடுவதைவிட இது நேர்மையான மரியாதை. அவரோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும்.

கடைசி வரியில் பணியிலும் இடத்திலும் மாற்றம் இருக்காது என்பது ஒரு வாக்குறுதி. நிர்வாகம் ஏற்கெனவே ஏதாவது இடமாற்றம் முடிவுசெய்து வைத்திருந்தால் இதை எழுதக் கூடாது. அனுப்பும் முன் மேலாளரிடம் இந்த ஒரு வரியைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. அவர் தயங்கினால் அந்த வரியை எடுத்துவிடலாம், ஜூலை 3 என்ற தேதி மட்டும் போதும்.

தன்னைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதும் இங்கேதான் முடிவாகிறது. பட்டங்கள், விருதுகள், வேலை பார்த்த நிறுவனங்கள் என்று நீண்ட அறிமுகம் எழுதுகிறவர்கள் உண்டு. படிப்பவர் அதில் தேடுவது இரண்டே விஷயம்: இவருக்கு நம் வேலை தெரியுமா, தெரியாததை ஒப்புக்கொள்வாரா. மக்காச்சோளம் பதினோரு வருடம், நெல் மூன்று வருடம், சம்பா பருவம் புதிது என்று நேராகச் சொல்லிவிட்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். முன்னே சொன்ன விலகு தூர விஷயத்தை யாராவது வயலில் வைத்து எடுத்துச் சொல்லவும் துணிவு வரும்.

மூத்தவரிடம் எப்போது பேசுவது

எந்தக் கடிதம் எழுதினாலும், பதவியை எதிர்பார்த்திருந்த மூத்தவர் அதை மற்ற 13 பேரோடு சேர்ந்து முதன்முறையாகப் படிக்கக் கூடாது. இதைத் தீர்க்கப் பலர் கடிதத்திலேயே அவரைத் தனியாகப் புகழ்ந்து ஒரு வரி சேர்ப்பார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. விஷயம் தெரிந்த குழுவின் நடுவே அந்தப் புகழ்ச்சி ஆறுதல் பரிசு மாதிரி ஆகிவிடும். அவருக்கும் கூச்சம், மற்றவர்களுக்கும் கூச்சம்.

அறிவிப்பு வந்த பிறகு, கடிதம் போகும் முன்பு, அவருக்குப் போன் செய்வதே மேல். பத்து நிமிடம் போதும். பதவி விஷயத்தை அவராக எடுக்காவிட்டால் இவரும் எடுக்க வேண்டாம். வேலையைப் பற்றிக் கேட்கலாம். “சார், 26-க்குள்ள எல்லா லாட்டும் சோதனைக்குப் போயிடணும்னு கணக்கு வருது. உங்க அனுபவத்துல இது சரியா? எந்த லாட்ல உங்களுக்குச் சந்தேகம்?” கோடையில் எந்தக் குடோனில் ஓடு உடைந்து மழை இறங்கியது, எந்த லாட்டில் அந்துப்பூச்சி விழுந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் 26 போதாது, 24-க்குள் முடியுங்கள் என்றால், கடிதத்தில் தேதியை மாற்றிவிட வேண்டும். கடிதம் வரும்போது தான் சொன்ன தேதி அதில் இருப்பதை அவர் பார்ப்பார். பாராட்டு வரியைவிட அது நெடுநாள் நிற்கும். அவர் கோபத்தில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி போனை வைத்துவிட்டாலும் நஷ்டமில்லை. முதல் வாரத்திலேயே தனியாக உட்கார்ந்து பேச வேண்டியவர் யார் என்று தெரிந்துவிடும்.

எந்த மொழியில், எந்த வழியில்

தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலம், குழுவுக்குத் தமிழ் என்று இரண்டு கடிதம் எழுதலாம், அல்லது ஒரே கடிதத்தில் மேலே ஆங்கிலம் கீழே தமிழ் என்று போடலாம். ஆய்வகத்தில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள். குடோனிலும் வயலிலும் இருப்பவர்கள், படிக்கத் தெரிந்தாலும், ஆங்கிலக் கடிதம் என்றால் அது நிர்வாகத்துக்குள் நடக்கும் பேச்சு, நமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார்கள். ஒரே கடிதமாக, தமிழில், ‘லாட்’, ‘சாம்பிள்’ என்று அவர்கள் சொல்கிற சொற்களோடே எழுதுவதுதான் இந்தக் குழுவுக்குப் பொருந்தும். தலைமை அலுவலகத்துக்குத் தனியாக இரண்டு வரி ஆங்கிலத்தில் போதும்.

வயல் ஆய்வுக்காரர்கள் அலுவலக மின்னஞ்சலைத் திறப்பது வாரத்துக்கு ஒருமுறை இருக்கலாம். அவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது வாட்ஸ்அப் குழுவை. ஆகவே இதே கடிதத்தை, சுருக்காமல், ஒரு எழுத்தும் மாற்றாமல், அங்கேயும் போட வேண்டும். சுருக்கி எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் வரும், எது சரி என்று பேச்சு வரும். குரல்பதிவாக அனுப்பும் பழக்கமும் பரவியிருக்கிறது. காதுக்கு இதமாக இருந்தாலும், 26 என்ற தேதியைத் திரும்பத் தேட வேண்டும் என்றால் முழுவதையும் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு அது உதவாது.

அனுப்பும் நேரம், மேலாளரின் அறிவிப்புக்குப் பிறகு, பொறுப்பேற்கும் நாள் காலை. அறிவிப்புக்கு முந்தினால் குழப்பம். ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பினால், இன்னும் வராதவர் உத்தரவு போடுகிறார் என்றாகும்.

தண்ணீர் தேதி

டெல்டாவில் பருவத்தை வைத்து எழுதும் எந்த முன்னுரிமைக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. தண்ணீர் தாமதமானால் பம்புசெட் இல்லாதவர்கள் பலர் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போவார்கள். அப்போது நீண்டகால ரகங்களுக்குத் தேவை கூடும். சீக்கிரம் திறந்தால் குறுவைப் பரப்பு விரியும், அதற்குப் பின்னால் வரும் தாளடிக்கு மத்தியகால ரகங்களைக் கேட்பார்கள்.

அதனால் கடிதத்தில் எந்த ரகம் எத்தனை டன் என்று எழுதக் கூடாது. சோதனைக்கு வைக்கும் தேதியைத் தைரியமாக எழுதலாம், ஏனென்றால் தண்ணீர் எப்போது வந்தாலும் சோதித்த விதை கையில் இருப்பது நல்லதுதான். இரண்டாவது வழிக் கடிதம் எழுதுகிறவர்கள் இங்கேயும் சிக்குவார்கள். ரகவாரியாக இலக்கு எழுதி அனுப்பியிருப்பார்கள், அணை தாமதமாகும், இலக்கு ஜூலையிலேயே பொருளற்றுப் போகும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

வாழ்த்துப் பதில்களை எண்ணிப் பயனில்லை, எந்தக் கடிதத்துக்கும் அவை வரும். முதல் மூன்று நாளில் என்ன கேள்வி வருகிறது, யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். குடோனிலிருந்து “இன்னைக்கு ஆரம்பிக்கலாமா மேடம்?” என்று அனுமதி கேட்டு போன் வந்தால், காத்திருக்க வேண்டாம் என்ற வரி போய்ச் சேரவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் “மூணு லாட் முடிஞ்சுது, நாலாவதுல மூட்டை நனைஞ்ச மாதிரி இருக்கு” என்று வந்தால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. கேள்விகள் அவரைத் தாண்டி மேலாளரிடம் போகின்றன என்றால் அறிமுகமே சரியாக நடக்கவில்லை. வயலில் சந்திக்கும்போது மூன்று கேள்விக்கும் “எல்லாம் நல்லாத்தான் போகுது மேடம்” என்றே பதில் வந்தால், கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். போன சம்பாவில் திரும்பி வந்த விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு தானாகத் தொடங்கும்.

மற்ற இரண்டு வழிகளுக்கும் இடம் இல்லாமலில்லை. அதே ஆய்வகத்தில் பத்து வருடம் இருந்த மூத்தவருக்கே பதவி வந்திருந்தால், அவர் எழுத வேண்டியது நான்கு வரிதான். அவரை எல்லோருக்கும் தெரியும், சாம்பிள் தேதியும் அவர் வாயிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பல லாட்டுகள் அடுத்தடுத்து தேறாமல் போய், உரிமத்துக்கே கேள்வி வந்து, அதைச் சரிசெய்ய என்றே ஒருவரை அனுப்பியிருந்தால், மாற்றங்களை முதல் நாளே பட்டியலிடத்தான் வேண்டும். அந்தக் குழுவும் அதை எதிர்பார்த்தே இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட சூழல் இரண்டும் இல்லை.

ஜூலை 3-ம் தேதிக் கடிதத்தைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. சொல்ல இரண்டே முன்னுரிமைகள் இருந்தாலும் அன்றே அனுப்ப வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு முன்னுரிமையும் எந்தப் பேச்சிலிருந்து வந்தது என்று எழுதலாம்: அறுவடை இயந்திரத்தை இறக்கும் முன் சுத்தம் செய்து காட்டச் சொல்லும் யோசனை வயல் ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது, மழை இறங்கும் குடோனில் விதை அடுக்குவதை நிறுத்தும் முடிவு குடோனிலிருந்து வந்தது என்று. ஆள் பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர் அந்த ஆய்வாளரின் சொந்த ஊர்க்காரராக இருக்கலாம், பெயர் வெளியே வந்தால் அவருக்கு அந்த ஊரில் சங்கடம். குழுவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் அப்படியே நிறுத்திக்கொள்ளலாம்.